டிவி திரை மங்கினால் பழுது எங்கே?

எல்.இ.டி. டிவி என்று கடையில் விற்கப்படும் பெட்டியில் படத்தைக் காட்டுவது எல்.இ.டி. அல்ல. முன்னால் இருப்பது எல்.சி.டி. பேனல். அதற்குச் சொந்தமாக ஒளி கிடையாது. பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு விடுவது, எவ்வளவு தடுப்பது என்பதை மட்டும் அது முடிவுசெய்கிறது. வெளிச்சத்தைத் தருபவை பேனலுக்குப் பின்னால் இருக்கும் வெண்ணிற எல்.இ.டி. விளக்குகள். இந்த விளக்குத் தொகுப்புக்குத்தான் பேக்லைட் என்று பெயர். திரை மங்கலாகத் தெரிகிறது, மூலை இருட்டாக இருக்கிறது என்ற புகார்களில் பெரும்பாலானவை பேக்லைட்டைப் பற்றியவை. ஆனால் பேக்லைட் கெட்டுப்போனதால் வருபவை அவற்றில் ஒரு பகுதிதான். பல வீடுகளில் டிவி தானாகவே, வேண்டுமென்றே, வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும்.

இதைப் பிரித்தறிய முதலில் ரிமோட்டில் இருக்கும் இரண்டு அளவுகளை வேறுபடுத்தித் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று பேக்லைட்டின் அளவு. அதை ஏற்றினால் பின்னால் இருக்கும் விளக்குகளுக்குப் போகும் மின்னோட்டம் கூடும். திரை முழுவதும் ஒரே சீராகப் பிரகாசமாகும். மற்றொன்று கருப்பின் அளவு. அதை ஏற்றினால் விளக்கில் எந்த மாற்றமும் இருக்காது. படத்தின் இருண்ட பகுதிகள் சாம்பல் நிறத்துக்கு உயரும், அவ்வளவுதான். பல டிவிகளில் இந்த இரண்டாவது அளவுக்குத்தான் Brightness என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மங்கலாக இருக்கிறதே என்று அதை 50-இலிருந்து 80-க்கு ஏற்றிவிட்டு, படம் வெளுத்துப்போனதைப் பார்த்து டிவி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுபவர்கள் நிறையப் பேர். குழப்பத்துக்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. சாம்சங்கின் புதிய மாடல்களிலும் சோனியின் ஆண்ட்ராய்டு டிவிகளிலும் Brightness என்றால் பேக்லைட். பழைய மாடல்களில் அதே பெயர் கருப்பின் அளவைக் குறித்தது. பெயரை நம்பாமல் சோதித்துப் பார்ப்பதே வழி. இரவுக் காட்சி ஒன்றை நிறுத்திவைத்து அளவை மேலும் கீழும் நகர்த்த வேண்டும். வெள்ளைப் பகுதியும் சேர்ந்து பளிச்சென்று ஆனால் அது பேக்லைட். இருட்டு மட்டும் வெளுத்தால் அது கருப்பின் அளவு. அதை நிறுவனம் வைத்திருந்த இடத்துக்கே திருப்பிவிட வேண்டும்.

கடையில் கண்ணைப் பறித்த டிவி வீட்டுக்கு வந்ததும் சோர்ந்துபோவதற்குக் காரணம், முதல்முறை இயக்கும்போது அது கேட்கும் ஒரு கேள்வி: வீட்டுப் பயன்பாடா, கடைக் காட்சியா? வீடு என்று தேர்ந்தெடுத்தால் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அமைப்புகள் எல்லாம் தாமாகவே ஓடத் தொடங்கும். இந்தக் கேள்வி வழக்கமானதில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு விதிக்குப் பங்கு உண்டு. தொடக்க மெனு காட்டும் டிவிகளில் வீட்டு நிலையே முதல் தேர்வாக இருக்க வேண்டும், வேறு நிலையைத் தேர்ந்தெடுப்பவரிடம் மறுபடி ஒருமுறை கேட்டு உறுதிசெய்ய வேண்டும் என்றது அந்த விதி. நிறுவனம் அனுப்பும் நிலையில் திரையின் உச்ச வெளிச்சம், அந்த டிவியால் தர முடிந்த அதிகபட்ச வெளிச்சத்தில் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும் சொன்னது. அதாவது வீட்டு நிலையில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் குறைவாக இருப்பது விதிக்கு உட்பட்டதுதான். சிலர் இதைச் சமாளிக்க டிவியைக் கடை நிலைக்கு மாற்றிவிடுகிறார்கள். அது வேண்டாத வேலை. கடை நிலையில் பல டிவிகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எல்லா அமைப்புகளையும் பழையபடி மாற்றிக்கொள்ளும். விளம்பர எழுத்துகளும் திரையில் ஓடும்.

ஈகோ மோட், எனர்ஜி சேவிங் என்ற பெயர்களில் இருப்பது உண்மையில் ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகளின் கூட்டு. முதலாவது எளிமையானது: பேக்லைட்டுக்கு ஓர் உச்சவரம்பு போடுவது. எல்ஜி டிவிகளில் Energy Saving என்ற இடத்தில் Minimum, Medium, Maximum என்று படிகள் இருக்கும். இங்கே Maximum என்பது அதிகபட்ச வெளிச்சம் அல்ல, அதிகபட்சச் சிக்கனம். திரை மிகவும் மங்குவது அதில்தான். இந்தச் சிக்கனம் ஓடும்போது பல மாடல்களில் பேக்லைட் அளவைத் தொடவே முடியாது. அந்த வரி சாம்பல் நிறத்தில் செயலற்றுக் கிடக்கும். பேக்லைட் செட்டிங் வேலை செய்யவில்லை என்று வரும் புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. சோனியில் Power saving என்றும், சாம்சங்கில் Power and Energy Saving என்ற தலைப்புக்குக் கீழ் Brightness Reduction என்றும் இதே வேலை வேறு பெயரில் நடக்கிறது.

இரண்டாவது வேலை அறையின் வெளிச்சத்தை அளக்கும் சென்சாருடையது. சாம்சங்கில் Ambient Light Detection என்றும், பிறகு Brightness Optimization என்றும், சோனியில் Light sensor என்றும் மெனுவில் காணலாம். சட்டத்தின் கீழ்ப் பகுதியில், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் கருப்பு நிறக் கண்ணாடித் துண்டுக்குள்ளோ அதன் அருகிலோ ஒரு சிறிய ஒளியுணரி இருக்கும். அறை இருட்டினால் திரையையும் இறக்கும். பகலில் ஜன்னல் திறந்தால் ஏற்றும். நோக்கம் நியாயமானது. ஒரு டியூப் லைட் எரியும் ஹாலில் இரவில் ஏறக்குறைய 100 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். விளக்கை அணைத்துவிட்டால் சில லக்ஸ்தான். பகலில் ஜன்னலோரம் ஆயிரத்தைத் தாண்டும். பகலுக்கு ஏற்ற திரை இருட்டறையில் கண்ணைக் கூச வைக்கும்.

சிக்கல் என்னவென்றால் சென்சார் அறையை அளப்பதில்லை. தன் முகத்தில் விழும் வெளிச்சத்தை மட்டுமே அளக்கிறது. நம் வீடுகளில் டிவி மாட்டிய சுவரிலேயே, அதற்கு மேலே டியூப் லைட் இருப்பது சாதாரணம். பார்ப்பவர் கண்ணுக்கு அறை வெளிச்சமாக இருக்கும்; ஆனால் விளக்குக்கு அடியில், முன்னோக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் சென்சாருக்கு எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் மிச்சம்தான் கிடைக்கும். அது இருட்டு என்று கணக்கிட்டுத் திரையை இறக்கிவிடும். ஷோகேஸுக்குள் டிவியை வைத்தாலும் இதே கதை. சவுண்ட்பார் வாங்கி டிவிக்கு முன்னால் வைத்தால் சென்சாரின் முகமே மறைந்துபோகும். இதற்கு ஓர் அடையாளமும் உண்டு: சவுண்ட்பார் வந்த அதே வாரத்தில் ரிமோட்டும் சரியாக வேலை செய்யாது. இரண்டும் ஒரே ஜன்னல் வழியாகப் பார்ப்பதுதான் காரணம்.

சென்சாரைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. மாலையில், ஒரே நிறமுள்ள அசையாத படம் ஒன்றைத் திரையில் நிறுத்திக்கொண்டு, போனின் டார்ச்சை அந்தக் கருப்புத் துண்டின் மீது அருகில் காட்ட வேண்டும். சில நொடிகளில் திரை மெல்ல வெளிச்சமானால் சென்சார் ஓடுகிறது, திரையை இறக்கிவைத்திருப்பதும் அதுதான். டார்ச்சை எடுத்துவிட்டு விரலால் மூடினால் மறுபடி இறங்கும். இந்த மாற்றம் சட்டென்று நடக்காது. பார்ப்பவர் கவனிக்கக் கூடாது என்பதற்காகவே நிதானமாக நடக்கும்படி அமைத்திருக்கிறார்கள். அதனால் பத்துப் பதினைந்து நொடி பொறுத்துப் பார்ப்பது நல்லது. எந்த மாற்றமும் இல்லையென்றால் ஒன்று சென்சார் அணைத்துவைக்கப்பட்டிருக்கும், அல்லது அந்த மாடலில் சென்சாரே இருக்காது. விலை குறைந்த டிவிகள் பலவற்றில் கிடையாது.

மூன்றாவது வேலைதான் பலரை எரிச்சலூட்டுவது. திரையில் என்ன ஓடுகிறது என்பதைப் பார்த்துப் பேக்லைட்டை மாற்றுவது அது. சாம்சங்கின் Motion Lighting, படத்தில் அசைவு அதிகமாகும்போது வெளிச்சத்தைக் குறைக்கும். கிரிக்கெட்டில் பந்து பறக்கும் நொடியில் திரை லேசாக மங்கி, ஆட்டக்காரர் நிற்கும்போது தெளிவதை இதனால்தான் சிலர் கவனிக்கிறார்கள். இந்த வகை அமைப்புக்கு ஒரு பின்கதை உண்டு. அமெரிக்காவின் என்.ஆர்.டி.சி. என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 2016-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அரசு மின்செலவுச் சோதனையில் ஓடும் காட்சித் தொகுப்பில் வெட்டுகள் அடிக்கடி வரும், அதனால் அசைவைப் பார்த்து மங்கும் அமைப்பு அங்கே நிறைய மிச்சப்படுத்தியதாகக் காட்டுகிறது, வீட்டில் சாதாரண நிகழ்ச்சிகளைப் பார்க்கும்போது அந்த அளவு மிச்சம் கிடைப்பதில்லை என்று அது குற்றம்சாட்டியது. பார்ப்பவர் படத்தின் அமைப்பை மாற்றியவுடன் சில டிவிகளில் சிக்கனம் மொத்தமாக அணைந்துவிடுவதையும் அது சுட்டிக்காட்டியது. நிறுவனங்கள் தாங்கள் விதியை மீறவில்லை என்றன. எப்படியிருந்தாலும், வீட்டில் இந்த மூன்றாவது அமைப்பை அணைத்துவிடுவதில் இழப்பு எதுவும் இல்லை.

மிச்சமாவது எவ்வளவு என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிக்கன அமைப்பால் 20 வாட் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு ஆறு மணி நேரம் பார்க்கும் வீட்டில் மாதத்துக்கு 3.6 யூனிட். அந்த யூனிட்டுக்காக மங்கிய படத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பேக்லைட்டை 100-இல் வைப்பதும் புத்திசாலித்தனம் அல்ல. எல்.இ.டி.க்கு எதிரி சூடு. விலை குறைந்த டிவிகளில் முழு அளவில் ஓடும் விளக்குகள் சீக்கிரம் சோர்ந்துபோகின்றன. பேனல் தயாரிப்பாளர்கள் பேக்லைட்டின் ஆயுளாக 30,000 மணி என்று குறிப்பது வழக்கம். அது விளக்கு அணைந்துபோகும் நேரம் அல்ல, வெளிச்சம் பாதியாகும் நேரம். நாளுக்கு ஆறு மணி என்றால் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல். இந்தச் சரிவு மெதுவாக நடப்பதால் வீட்டாருக்குத் தெரிவதே இல்லை; பக்கத்து வீட்டுப் புதிய டிவியைப் பார்க்கும்போதுதான் உறைக்கும். இரவில் 50 முதல் 60, பகலில் 80 என்பது பெரும்பாலான ஹால்களுக்குப் போதும்.

இணையத்தில் வரும் சில படங்கள் மட்டும் இருட்டாக இருந்தால் காரணம் வேறு. அவை எச்.டி.ஆர். வடிவத்தில் வருபவை. அந்த வடிவத்தில் ஒவ்வொரு புள்ளியும் இத்தனை அளவு ஒளிர வேண்டும் என்று படத்திலேயே எழுதியிருக்கும். 1,000 அளவுக்கு எழுதப்பட்ட காட்சியை 250 அளவே ஒளிரக்கூடிய டிவி காட்ட வேண்டுமானால், எல்லாவற்றையும் சுருக்கித்தான் ஆக வேண்டும். அதில் நடுத்தர வெளிச்சமுள்ள முகங்கள் இருண்டுபோகும். பேக்லைட் ஏற்கெனவே உச்சத்தில் இருப்பதால் ரிமோட்டில் ஏற்றவும் இடமிருக்காது. செட்-டாப் பாக்ஸில் வரும் சேனல்கள் நன்றாக இருந்து, இந்தப் படங்கள் மட்டும் மங்கினால் டிவியில் பழுது இல்லை. மின்சாரம் குறைவாக வருவதைக் குற்றம் சொல்வதும் பெரும்பாலும் தவறு. இன்றைய டிவிகளின் பவர் சப்ளை 100 வோல்ட் முதல் 240 வோல்ட் வரை எதுவானாலும் உள்ளே ஒரே அளவாக மாற்றிக்கொடுக்கும். குண்டு பல்பு மங்குவதைப் போல டிவி மங்காது.

மூலை இருட்டு என்பது தனிக் கதை. எல்லா எல்.சி.டி. திரையிலும் நடுப்பகுதியைவிட மூலைகள் ஓரளவு மங்கலாகவே இருக்கும். மாற்றம் படிப்படியாக இருப்பதால் கண் அதைப் பிடிப்பதில்லை. எந்த அளவுக்கு மங்கினால் பழுது என்பதைச் சினிமா பார்த்துக்கொண்டே முடிவுசெய்ய முடியாது. ஒளிப்பதிவாளர்களே ஓரங்களை இருட்டாக்குவது உண்டு, நிறுத்திவைத்த படத்தின் மேல் ஆப்பும் கருநிழலைப் பூசும். முழு வெள்ளைப் படம் ஒன்றை பென்டிரைவில் போட்டுத் திரையில் காட்டி, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நேர் எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிறகு எழுந்து இடமும் வலமுமாக நகர வேண்டும். நாம் நகரும்போது இருட்டும் இடம் மாறினால் அது பார்வைக் கோணத்தின் விளைவு. அருகில் உட்கார்ந்து பெரிய திரையைப் பார்க்கும் வீடுகளில் இது சகஜம். நாம் எங்கே போனாலும் இருட்டு அதே மூலையில் நின்றால் அது பேக்லைட்டில் இருக்கிறது. போனில் படமெடுத்து மெக்கானிக்குக்கு அனுப்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: போன் கேமரா தானாகவே படத்தின் மூலைகளை இருட்டாக்கக் கூடியது. சந்தேகமான மூலையைப் படத்தின் நடுவில் வைத்து எடுத்தால் ஏமாற்றம் இருக்காது.

சோதனைக்கு முன்னால் Local Dimming என்று இருந்தால் அதையும் அணைத்துவிட வேண்டும். அது இருண்ட பகுதிகளுக்குப் பின்னால் உள்ள விளக்குகளை மட்டும் இறக்கும் அமைப்பு. விளக்குத் தொகுதிகள் குறைவாக உள்ள டிவியில் மூலையில் இருக்கும் சேனல் லோகோவையும் சேர்த்து மங்கச் செய்துவிடும்.

அப்படியும் இருட்டு நின்றால் உள்ளே இருக்கும் அமைப்பைப் பொறுத்துக் காரணம் மாறும். மெலிதான டிவிகளில் விளக்குகள் கீழ் ஓரத்திலோ பக்கவாட்டிலோ மட்டும் இருக்கும். அங்கிருந்து வரும் ஒளியைத் திரை முழுவதும் பரப்புவது ஓர் அக்ரிலிக் தகடு. அந்தத் தகடு சூட்டில் வளைந்தாலோ இடம் நகர்ந்தாலோ ஒரு மூலைக்கு ஒளி போய்ச் சேராது. தடிமனான, விலை குறைந்த டிவிகளில் விளக்குகள் பேனலுக்கு நேர் பின்னால், பட்டை பட்டையாக ஒட்டப்பட்டிருக்கும். 43 அங்குல டிவியில் பொதுவாக மூன்று நான்கு பட்டைகள். ஒவ்வொரு விளக்கின் மேலும் ஒளியைப் பரப்பும் சிறு லென்ஸ் இருக்கும். பட்டையில் உள்ள விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டவை என்பதால் அவை கெடும் விதமும் இரண்டு. ஒரு விளக்கு உள்ளே அறுந்துபோனால் தொடர் முழுவதும் அணையும். பெரும்பாலும் பேக்லைட்டே நின்று, சத்தம் மட்டும் வரும். இருட்டறையில் திரைமீது டார்ச் அடித்தால் படம் மங்கலாக ஓடுவது தெரியும். ஒரு விளக்கு உள்ளே ஷார்ட் ஆனால் அது மட்டும் அணைந்து மற்றவை எரியும். அப்போதுதான் குறிப்பிட்ட ஒரே இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இருட்டுத் திட்டு வரும். லென்ஸ் கழன்று விழுந்தால் நேரெதிர்: அந்த இடத்தில் கண்ணைக் குத்தும் வெள்ளைப் புள்ளி.

இவற்றை ஒரு வீட்டில் பொருத்திப் பார்க்கலாம். நான்கு ஆண்டு பழைய 43 அங்குல டிவி. புகார் இரண்டு: சில வாரங்களாக இரவில் படம் மங்கல், இடது கீழ் மூலை எப்போதும் இருட்டு. மெனுவில் பேக்லைட் 90-இல் இருக்கிறது; அப்படியும் மங்கல் என்றால் அதை மீறி ஏதோ ஒன்று இறக்குகிறது என்று பொருள். எனர்ஜி சேவிங் Auto-வில் இருக்கிறது, டிவிக்கு முன்னால் புதிய சவுண்ட்பார். அதை நகர்த்தி டார்ச் காட்டியதும் சில நொடிகளில் திரை ஏறுகிறது. எனர்ஜி சேவிங்கை Off செய்தால் முதல் புகார் முடிந்தது. இப்போது 90 அதிகமாகத் தெரிவதால் 60-க்கு இறக்கலாம். வெள்ளைப் படத்தைப் போட்டால் இடது கீழ் மூலையில் மட்டும் வட்டமான இருட்டு. பேக்லைட்டை ஏற்றினாலும் இறக்கினாலும் திட்டு அதே இடத்தில், அதே அளவில். இடம் மாறி உட்கார்ந்தாலும் நகரவில்லை. இது கீழ்ப் பட்டையின் கடைசி விளக்கு. முதல் புகாருக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் மெக்கானிக்கை அழைத்திருந்தால் இரண்டையும் ஒரே பில்லில் சேர்த்திருக்க வாய்ப்புண்டு.

திட்டின் ஓரம் வட்டமாக இல்லாமல், கசிவு பரவியதுபோல் ஒழுங்கற்று, அடிச்சட்டத்தை ஒட்டி இருந்தால் சந்தேகம் தண்ணீர்மேல் போக வேண்டும். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் திரைமீது நேராகப் பீய்ச்சினால் அது வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கிவிடும். உள்ளே ஒளி பரப்பும் தாள்களில் கறை விழும். பேனலின் விளிம்பில் இருக்கும் மெல்லிய இணைப்புகளுக்குப் போனால் கோடுகளும் வரும். துணியில் லேசாக நனைத்துத் துடைப்பதே முறை.

விளக்குப் பட்டையை மாற்றும் வேலையை வீட்டில் முயலக் கூடாது. பட்டையை எட்ட, மெல்லிய கண்ணாடிப் பேனலை முழுதாகத் தூக்கி எடுத்து வைக்க வேண்டும். அனுபவமுள்ள கைகளிலேயே அது விரிசல் விடுவதுண்டு. தொடராக இணைந்த விளக்குகளுக்குப் போகும் மின்னழுத்தமும் விளையாட்டல்ல. மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது ஒரு பட்டையை மட்டும் மாற்றச் சொல்லாமல் தொகுப்பு முழுவதையும் மாற்றச் சொல்ல வேண்டும். சோர்ந்த பழைய விளக்குகளுக்கு நடுவே புதியது மட்டும் பளிச்சென்று வேறு வெண்மையில் தெரியும். அதே சூட்டில் ஓடிய மற்றவையும் அடுத்தடுத்துப் போகக் காத்திருக்கும். மாற்றியபின் பேக்லைட்டை 70-க்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது. பட்டை மாற்றுவது நான்கைந்து ஆண்டு டிவிக்குச் செய்யத்தக்க செலவு. பழுது பேனலில் என்று மெக்கானிக் சொன்னால் அந்தச் செலவைச் செய்ய வேண்டாம். பேனலின் விலை புதிய டிவியின் விலையை நெருங்கிவிடும்.